இடம் மாறிய இலக்கத்தை மீதி காட்டிக்கொடுக்கும்: புத்தக எண்ணைச் சரிபார்ப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையில் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஜூன் 19 வாசிப்பு நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மாஷ் சொல்லியிருக்கிறார். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று மொழிப் புத்தகமும் கலந்து கிடக்கிற அலமாரிகள், ஆளுக்கொரு கையெழுத்தில் நிரம்பிய பழைய பதிவேடு, சாயங்காலம் மட்டும் வந்து உதவுகிற கல்லூரிப் பிள்ளைகள். போன வாரம் அதில் ஒரு பெண் தட்டிய எண்ணுக்கு நேராக, சரிபார்ப்புப் பத்தியில் 0 வர வேண்டிய இடத்தில் 3 வந்து நின்றது. பதிவேட்டில் இருப்பதும் அவள் தட்டியதும் ஒன்றுதான், ஆக தப்பு அவளுடையது இல்லை, எழுதிய காலத்திலேயே நடந்திருக்கிறது. புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்றால் அது வேலந்தாவளத்தில் ஒருவர் வீட்டில் இருந்தது.

"அப்போ இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகவா அண்ணா?" என்று கேட்டாள். வேண்டாம், அந்த 3 என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன். இரண்டு நிமிடத்தில் எந்த இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று ஊகித்துவிட்டோம், புத்தகம் திரும்பி வந்தபோது பின்னட்டையும் அதையேதான் காட்டியது. அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், மீதி மூன்றும் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிற எண் மட்டும் பயிற்சிக்காக நான் கோத்தது, எந்த ஒரு புத்தகத்தையும் பார்த்து எழுதியது அல்ல.

முதலில் கையில் இருப்பது எந்த எண் என்று பாருங்கள்

புத்தகத்தின் பின்னட்டையிலோ பதிப்பு விவரப் பக்கத்திலோ ISBN என்று போட்டு ஒரு எண் இருக்கும். 2007 ஜனவரிக்கு முன்னால் வந்த புத்தகங்களில் பெரும்பாலும் 10 இலக்கம். அதற்குப் பிறகு வந்தவற்றில் 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். மாறுகிற காலத்தில் வந்த சில புத்தகங்களில் இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள், அப்படிக் கிடைத்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நடுவில் வரும் கோடுகள் நாடு அல்லது மொழிக் குழு, பதிப்பகம், நூல் ஆகியவற்றைப் பிரிக்கத்தான், கணக்கில் அவற்றுக்கு வேலை இல்லை. இந்தியப் புத்தகங்களுக்கு 81 அல்லது 93 என்று வரும்.

கடைசி இலக்கம்தான் சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்கள் பதிப்பகத்தையும் நூலையும் குறிப்பவை, கடைசி ஒன்று மட்டும் அவற்றிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தது. பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் சிலவற்றில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். 1960-களின் நடுவில் பிரிட்டனில் கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியல் பேராசிரியர் வடிவமைத்த முதல் எண் முறை அது. முன்னால் ஒரு 0 சேர்த்தால் அப்படியே பத்து இலக்க எண்ணாகிவிடும், வேறொன்றும் மாற்ற வேண்டாம்.

வெறும் கூட்டல் ஏன் உதவாது

ஒரு எண்ணைத் தப்பாக எழுதுகிறவர்கள் அதிகம் செய்வது இரண்டு தப்பு. ஒன்று, ஒரு இலக்கத்தை வேறொன்றாக எழுதுவது, 1 என்பதை 7 என்று படிப்பது போல. இன்னொன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை முன்பின்னாகப் போடுவது, 36-ஐ 63 என்று எழுதுவது போல. எல்லா இலக்கத்தையும் சும்மா கூட்டிப் பார்த்தால் முதல் தப்பு தெரிந்துவிடும். இரண்டாவது தெரியாது, 3-உம் 6-உம் எந்த வரிசையில் வந்தாலும் கூட்டினால் 9-தான்.

எங்கள் ஊர்ச் சாலையோரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் 20 ரூபாய், இளநீர் 30 ரூபாய் என்று வைப்போம். 3 தேங்காயும் 6 இளநீரும் வாங்கினால் 60-உம் 180-உமாக 240 ரூபாய். கடைப்பையன் மாற்றிக் கேட்டு 6 தேங்காய், 3 இளநீர் என்று எழுதினால் 120-உம் 90-உமாக 210 ரூபாய். மொத்தக் காய் இரண்டு தடவையும் ஒன்பதுதான், ஆனால் பில் 30 ரூபாய் குறைந்துவிட்டது. அந்த 30 எங்கிருந்து வந்தது? விலை வித்தியாசம் 10, எண்ணிக்கை வித்தியாசம் 3, இரண்டையும் பெருக்கினால் 30. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் பில்லைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

புத்தக எண்ணில் செய்திருப்பது இதேதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை வைத்து, இலக்கத்தை அதனால் பெருக்கி, பிறகு கூட்டுகிறார்கள். அந்த விலையை எடை என்பார்கள். பத்து இலக்க எண்ணில் எடை இடமிருந்து வலமாக 10, 9, 8 என்று இறங்கி கடைசி இடத்துக்கு 1. எந்த இரண்டு இடத்துக்கும் ஒரே எடை கிடையாது என்பதைக் கவனியுங்கள், அதன் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பத்து இலக்க எண்ணைப் போட்டுப் பார்ப்போம்

நம் பயிற்சி எண் 8183620531. கணக்கு இப்படி:

```
8×10 + 1×9 + 8×8 + 3×7 + 6×6 + 2×5 + 0×4 + 5×3 + 3×2 + 1×1
= 80 + 9 + 64 + 21 + 36 + 10 + 0 + 15 + 6 + 1
= 242
```

242-ஐ 11-ஆல் வகுத்தால் 22, மீதி 0. மீதி 0 என்றால் எண் ஒழுங்காக இருக்கிறது. கடைசி இலக்கமான 1 எப்படி வந்தது என்றும் இதிலேயே தெரியும்: முதல் ஒன்பது இலக்கத்துக்கு 241 வருகிறது, அதை 11-இன் மடங்காக்க இன்னும் 1 வேண்டும். சில சமயம் 10 வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் 10 எழுத முடியாது என்பதால் ரோமன் எழுத்தான X போடுவார்கள். X கடைசி இடத்தில் மட்டும்தான் வரும், அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எங்கள் பதிவேட்டில் யாரோ அப்படிச் சில எண்களின் வாலை வெட்டியிருக்கிறார்கள்.

கையில் காகிதம் மட்டும்தான் என்றால் பெருக்கலே வேண்டாம், இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இது மிகவும் பிடிக்கும். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், அந்தந்த இடத்துக் கூட்டுத்தொகையைக் கீழே எழுதுங்கள். பிறகு அந்த வரிசை முழுவதையும் கூட்டுங்கள்.

```
8   1   8   3   6   2   0   5   3   1
8   9  17  20  26  28  28  33  36  37
```

கீழ் வரிசையின் மொத்தம் 242. முதல் இலக்கம் பத்துக் கூட்டலிலும் இருக்கிறது, அடுத்தது ஒன்பதில், கடைசி ஒன்றில் மட்டும், ஆக எடை தானாகவே வந்துவிடுகிறது. மாஷ் கால்குலேட்டரைத் தொட மாட்டார், இந்த முறையில் எங்களை விடச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்.

11 ஏன், 10-ஆல் வகுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 11 பகா எண். ஒரு இலக்கம் மட்டும் மாறினால் மொத்தம் மாறுவது எடை பெருக்கல் இலக்க வித்தியாசம். இரண்டு இலக்கம் இடம் மாறினால் எடை வித்தியாசம் பெருக்கல் இலக்க வித்தியாசம். இரண்டு வகையிலும் பெருக்கப்படுகிற எண்கள் 1-லிருந்து 10-க்குள்தான், அதில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் 11-இன் மடங்கு வராது. அதனால் ஒற்றை இலக்கத் தப்பு, எந்த இரண்டு இலக்கமும் இடம் மாறுவது (பக்கத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும்) ஒன்றுகூடத் தப்பாது. 10-ஆல் வகுத்திருந்தால் 2-ஐயும் 5-ஐயும் பெருக்கி வருகிற 10 நைசாக நழுவிவிடும். X என்ற வேடிக்கையான எழுத்து அந்த உறுதிக்குக் கொடுத்த விலை.

மீதி 3 வந்தால் என்ன செய்வது

சரி, இப்போது அந்தப் பெண்ணின் திரைக்கு வருவோம். அங்கே இருந்தது 8186320531. இரண்டு வரிசைக் கூட்டலைப் போட்டால் 245 வரும், 11-ஆல் வகுத்தால் மீதி 3.

பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு எடை வித்தியாசம் எப்போதும் 1. அப்படியென்றால் இரண்டு இலக்கம் மாறிக்கொண்டபோது மொத்தம் எவ்வளவு மாறும்? அந்த இரண்டு இலக்கத்தின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான். இன்னும் சரியாகச் சொன்னால், தப்பாக எழுதிய எண்ணில் இடது இலக்கத்திலிருந்து வலது இலக்கத்தைக் கழித்தால் வருவதுதான் மீதி. கழித்தது சுழிக்குக் கீழே போனால் 11 கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே மீதி 3 என்றால் கழித்து 3 வருகிற சோடியையோ, -8 வருகிற சோடியையோ தேட வேண்டும்.

எண்ணின் மேல் விரலை வைத்து இடமிருந்து நகர்த்திப் பாருங்கள். 8-1 என்பது 7. 1-8 என்பது -7. 8-6 என்பது 2. 6-3 என்பது 3, கிடைத்துவிட்டது. நின்றுவிடாமல் மிச்சத்தையும் பாருங்கள்: 3-2 ஒன்று, 2-0 இரண்டு, 0-5 என்பது -5, 5-3 இரண்டு, 3-1 இரண்டு. 3 ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது, -8 எங்குமே வரவில்லை. ஆக பக்கத்து இலக்கங்கள் மாறியதுதான் தப்பு என்றால் அது 63 என்ற இடத்தில்தான் நடந்திருக்க முடியும், 36 என்று திருப்பினால் 8183620531. மீதி 0.

இது ஆதாரம் இல்லை, ஊகம்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒரு இலக்கத்தை மட்டும் தப்பாக எழுதியிருந்தாலும் மீதி 3 வரலாம், உதாரணத்துக்குக் கடைசி 1 உண்மையில் 9 ஆக இருந்து, எழுதியவரின் கையெழுத்தில் 1 போலத் தெரிந்திருந்தாலும் இதே 3 வரும். மீதி, தப்பு இருக்கிறது என்று சத்தியம் செய்யும், இடத்தைச் சத்தியம் செய்யாது. அதனால் திருத்திய எண்ணைப் பதிப்பகத்தின் பட்டியலிலோ வேறொரு நூலகத்தின் பட்டியலிலோ தேடி, தலைப்பும் ஆசிரியரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதுவரை குறிப்புப் பத்தியில் "ஊகம்" என்று எழுதி வையுங்கள். நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மீதி 0 வரவில்லை என்றதும் கடைசி இலக்கத்தைக் கணக்குப் போட்டு மாற்றி, சரிசெய்துவிட்டேன் என்று நகர்ந்துவிடுவது. 8186320531-இல் கடைசி 1-ஐ 9 ஆக்கினால் மீதி 0 வந்துவிடும், திரையும் பச்சையாகிவிடும், ஆனால் 63 அப்படியே நிற்கும், பதிப்பக எண்ணே மாறிப்போன ஒரு பதிவு இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி பட்டியலில் உட்கார்ந்துவிடும். தப்பைச் சொல்ல இருந்த ஒரே சாட்சியை நாமே அழித்த மாதிரி அது. அரிதாகப் பதிப்பகமே புத்தகத்தில் எண்ணைத் தப்பாக அச்சிட்டிருக்கும். அப்போதும் அச்சில் இருப்பதை அப்படியே பதிந்து, மீதி என்ன வந்தது என்று பக்கத்தில் குறித்து வைப்பதுதான் முறை.

பதின்மூன்று இலக்க எண்ணில் கணக்கு வேறு

கடைகளில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் இருக்கிற பட்டைக்குறியீடு உங்களுக்குத் தெரியும். புத்தகமும் அதே பட்டைக்குள் வர வேண்டும் என்பதற்காக 978 என்ற முன்னொட்டைப் புத்தகங்களுக்கென்று ஒதுக்கினார்கள், 2007 ஜனவரி 1 முதல் அந்தப் பதின்மூன்று இலக்கமே புத்தக எண் ஆனது. அந்தப் பட்டைக்குள் இலக்கம் மட்டும்தான் போகும், X போகாது. அதனால் 11-ஐ விட்டு 10-ஆல் வகுக்கிற பொருள் எண் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். எடையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறி வரும், அவ்வளவுதான்.

நம் பயிற்சிப் புத்தகத்தின் பதின்மூன்று இலக்க எண் 9788183620536.

```
9 + 7×3 + 8 + 8×3 + 1 + 8×3 + 3 + 6×3 + 2 + 0×3 + 5 + 3×3 + 6
= 9 + 21 + 8 + 24 + 1 + 24 + 3 + 18 + 2 + 0 + 5 + 9 + 6
= 130
```

130 பத்தின் மடங்கு, எண் சரி. கடைசி இலக்கம் இங்கே 6, பழைய எண்ணில் 1 என்பதைப் பார்த்தீர்களா? புதியவர்கள் அடிக்கடி விழுகிற குழி இது. பழைய பத்து இலக்கத்துக்கு முன்னால் 978 ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்து 9788183620531 என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டினால் 125 வரும், ஒத்துப்போகாது. பழைய கடைசி இலக்கத்தைத் தள்ளிவிட்டு, 978-உடன் ஒன்பது இலக்கத்தை வைத்து, கடைசி இலக்கத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

ஒற்றை இலக்கத் தப்பு எதுவும் இந்த முறையிலும் தப்பாது, 1-க்கும் 3-க்கும் 10-உடன் பொதுக் காரணி இல்லாததால். இடம் மாறுவதில்தான் ஓட்டை இருக்கிறது. பக்கத்து இடங்களின் எடை வித்தியாசம் 2. இளநீர்க் கடைக் கணக்கை இங்கே போட்டால், மொத்தம் மாறுவது 2 பெருக்கல் இலக்க வித்தியாசம். வித்தியாசம் 5 என்றால் அது 10 ஆகிவிடும், மீதியில் ஒன்றும் தெரியாது. 0-உம் 5-உம், 1-உம் 6-உம், 2-உம் 7-உம், 3-உம் 8-உம், 4-உம் 9-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்து இடம் மாறினால் கணக்கு வாயைத் திறக்காது. வெவ்வேறு இலக்கங்கள் சேர்ந்து வரக்கூடிய 90 சோடியில் இப்படிப்பட்டவை 10. ஒன்பதில் ஒரு பங்கு.

நம் எண்ணிலேயே அப்படி ஒரு சோடி இருக்கிறது, 05 என்று. அதை 50 ஆக்கி 9788183625036 என்று எழுதிப் பாருங்கள், 140 வரும், சரி என்றே சொல்லும். பழைய பத்து இலக்க எண்ணில் இதே தப்பைச் செய்தால் 247 வந்து மீதி 5 நிற்கும், உடனே பிடிபடும்.

இன்னொரு ஓட்டை இதை விடப் பெரியது. ஓர் இடம் விட்டு அடுத்த இடத்துக்கு ஒரே எடை, தேங்காயும் இளநீரும் ஒரே விலை என்ற கதை. 620 என்பதை 026 என்று எழுதினால் 6-உம் 0-உம் இரண்டும் எடை 3 உள்ள இடங்களிலேயே இருக்கின்றன, மொத்தம் 130 அப்படியே. நடுவில் ஓர் இலக்கம் விட்டு இடம் மாறுகிற எந்தத் தப்பையும் பதின்மூன்று இலக்க முறை பார்க்கவே பார்க்காது. பத்து இலக்க முறையில் அங்கே எடை வித்தியாசம் 2, இலக்க வித்தியாசம் 6, பெருக்கினால் 12, அது 11-இன் மடங்கு இல்லை, பிடிபட்டுவிடும்.

மீதியை வைத்து இடம் தேடுவதும் இங்கே கடினம். பழைய கதையின் அதே தப்பு, 9788186320536 என்று வைத்துக்கொண்டால் 124 வரும், மீதி 4. திருப்பினால் மீதி 0 ஆகிற பக்கத்துச் சோடி ஒன்றல்ல, ஐந்து இருக்கிறது. அதில் இரண்டைத் திருப்பினால் 978-க்குப் பிறகு 81 போய் 18 அல்லது 88 என்று வந்துவிடும். இந்தியப் பதிப்பகத்தின் புத்தகம் என்று தெரிந்தால் அந்த இரண்டையும் தள்ளிவிடலாம், மிச்சம் மூன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு உதவி உண்டு: பக்கத்து இலக்கங்கள் மாறினால் மொத்தம் 2-இன் மடங்காகத்தான் மாறும், ஆகவே மீதி ஒற்றைப்படையாக வந்தால் அது வெறும் இடமாற்றம் இல்லை, ஏதோ ஓர் இலக்கமே தப்பாக இருக்கிறது என்று முடிவு செய்து அந்த வழியில் தேடலாம்.

இதனால்தான் இரண்டு எண்ணும் அச்சிட்ட புத்தகத்தில் இரண்டையும் எழுதச் சொன்னேன். பத்து இலக்க எண் நல்ல காவல்காரன், அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் பதிவது வீண்.

கணினியில் பத்தி போடுவது

எண் வருகிற பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பதின்மூன்று இலக்கம் 9.78818E+12 என்று சுருங்கிவிடும், 0-வில் தொடங்குகிற இங்கிலீஷ் புத்தக எண் முன் சுழியை இழந்துவிடும். கோடுகள் இல்லாமல் இலக்கங்களை மட்டும் தட்டுங்கள். பத்து இலக்க எண் A2 அறையில் இருந்தால் பக்கத்தில் இது:

```
=MOD(SUMPRODUCT(MID(A2,ROW($A$1:$A$9),1)*(11-ROW($A$1:$A$9)))+IF(MID(A2,10,1)="X",10,VALUE(MID(A2,10,1))),11)
```

பதின்மூன்று இலக்க எண் B2 அறையில் இருந்தால் இது:

```
=MOD(SUMPRODUCT(MID(B2,ROW($A$1:$A$13),1)*(1+2*(MOD(ROW($A$1:$A$13),2)=0))),10)
```

இரண்டும் மீதியைத்தான் காட்டும். "சரி", "தப்பு" என்று காட்டுகிற மாதிரி மாற்றாதீர்கள், மீதி எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டிய தடயம். `#VALUE!` என்று வந்தால் ஓர் இலக்கம் குறைவாக இருக்கும், அல்லது நடுவில் கோடோ வேறு எழுத்தோ புகுந்திருக்கும். தாளின் முதல் வரிசைக்கு மேலே புதிய வரிசை நுழைக்க வேண்டாம், `ROW` எண்கள் நகர்ந்து எடை எல்லாம் மாறிப்போகும். சூத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 8183620531-உம் 8186320531-உம் தட்டுங்கள், 0-உம் 3-உம் வர வேண்டும்.

பத்து இலக்கத்தில் மீதி 0 வந்தால் நிம்மதியாக அடுத்ததுக்குப் போகலாம், இரண்டு தனித்தனித் தப்பு ஒன்றையொன்று சமன் செய்தால்தான் ஏமாற்றும். பதின்மூன்று இலக்கத்தில் மீதி 0 மட்டும் போதாது. அங்கே எங்கள் வழக்கம் இது: பட்டையை வாசிக்கும் கருவி இருந்தால் தட்டாமல் அதை வைத்தே ஏற்றுகிறோம், அது இலக்கத்தை முன்பின்னாகப் போடாது. கருவி இல்லாத நாளில் ஒருவர் திரையைப் பார்த்து இலக்கம் இலக்கமாக வாசிக்க, இன்னொருவர் புத்தகத்தின் பின்னட்டையில் விரல் வைத்துத் தொடர்கிறார். எண்பத்தொன்று, எண்பத்து மூன்று என்று இரண்டிரண்டாக வாசிக்கக் கூடாது, எட்டு, ஒன்று, எட்டு, மூன்று என்றுதான். 05, 16, 27, 38, 49 அல்லது அவற்றின் திருப்பம் வருகிற இடத்தில் வாசிப்பவர் ஒரு நொடி நிறுத்துவார், விரல் வைத்திருப்பவர் அந்த இரண்டு இலக்கத்தையும் திரும்பச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போகும்.